தூக்கம் வேறு, மயக்கம் வேறு: குழந்தைகளுக்கு சளி சிரப் ஏன் வேண்டாம்?

(கொல்லிமலை செம்மேட்டில் தாய்மார்கள் கூட்டத்தில் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர இயலாத நம் சொந்தங்களுக்காக முழுமையாகப் பதிவிடுகிறோம். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு அவசியம் பகிருங்கள்.)



மைக்கைக் கையில் கொடுத்ததும் அரசியல் பேசப் போறாருன்னு நினைச்சிருப்பீங்க. இன்னைக்கு நான் பேச வந்தது உங்க வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு சின்ன பாட்டிலைப் பற்றி. சளிக்கும் இருமலுக்கும் குழந்தைக்குக் கொடுக்கிறோமே, அந்தத் தித்திப்பு சிரப்பைப் பற்றி.

அந்த மருந்தைக் கொடுக்காதீங்க அம்மான்னு நான் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்தான் வரும். "குடிச்சா நல்லா தூங்குது டாக்டர். சளி குறைஞ்சதுனாலதானே தூங்குது?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்னைக்கு மலை ஏறி வந்திருக்கிறேன். குழந்தை தூங்குவது சளி குறைந்ததால் இல்லை. மருந்து அதன் மூளையை மந்தமாக்கியதால் தூங்குகிறது. சளி அப்படியே உள்ளே இருக்கிறது. அதை வெளியே தள்ள வேண்டிய இருமலும், பசித்தால் அழ வேண்டிய அழுகையும்தான் அடங்கிப்போயிருக்கின்றன.

நான் பார்த்த ஒரு குழந்தையின் கதையைச் சொல்றேன். சில வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. பெயர், ஊர் வேண்டாம். பதினாலு மாசக் குழந்தை, ஒன்பது கிலோ எடை. இந்த மலையில்தான் வீடு. அம்மாவும் அப்பாவும் மிளகுத் தோட்டத்து வேலைக்குப் போறவங்க. குழந்தைக்கு மூணு நாளா மூக்கு ஒழுகல், இருமல், லேசான காய்ச்சல். அடிவாரத்துக்குப் போன அப்பா ஒரு மருந்துக் கடையில் கேட்டு, சளிக்கான சொட்டு மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தார். பாட்டிலோடு சொட்டு விடும் குழாய் ஒன்று இருந்தது. அது கீழே விழுந்து உடைந்துவிட்டது.

அந்த அம்மா என்ன செய்தார்? வீட்டில் பெரிய பிள்ளைக்கு வாங்கிய பழைய சிரப் பாட்டில் ஒன்று கிடந்தது. அதன் மூடியை எடுத்து, ஐந்து மில்லி கோடு வரைக்கும் மருந்தை ஊற்றிக் கொடுத்தார். அப்போது ராத்திரி ஏழு மணி. குழந்தை தூங்கிவிட்டது. பதினோரு மணிக்கு இருமிக்கொண்டே விழித்தது. இன்னொரு மூடி கொடுத்தார். மறுபடி தூங்கிவிட்டது. அவருக்கும் நிம்மதி. விடிந்தால் வேலைக்குப் போகணுமே!

இப்போ ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். அந்த மருந்தில் இருந்தது குளோர்பெனிரமின். பெயர் புதுசா இருக்கலாம், ஆள் பழைய ஆள்தான். ஆஸ்பத்திரியில் சளிக்குக் கொடுப்பாங்களே, போட்டா தூக்கம் வருமே, அந்த சி.பி.எம். மாத்திரை இதுதான். பெரியவங்களுக்கான ஒரு மாத்திரையில் நாலு மில்லிகிராம் இருக்கும். அந்தச் சொட்டு மருந்தில் ஒவ்வொரு மில்லியிலும் ரெண்டு மில்லிகிராம். சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டியதால் அதைக் கெட்டியாகத் தயாரிக்கிறார்கள். சிரப்பில் அதே ரெண்டு மில்லிகிராம் ஐந்து மில்லியில் கரைந்திருக்கும். அதாவது சிரப்பைப் போல ஐந்து மடங்கு கடுமையானது அந்தச் சொட்டு மருந்து.

ஐந்து மில்லி மூடி ஒன்று என்றால் பத்து மில்லிகிராம். ரெண்டு மூடி என்றால் இருபது. பெரியவங்களுக்கான மாத்திரையில் ஐந்து! ஒன்பது கிலோ குழந்தைக்கு ஒரே ராத்திரியில் ஐந்து மாத்திரை. மாத்திரையாகக் கையில் கொடுத்திருந்தால் அந்த அம்மா பதறித் தூக்கி எறிந்திருப்பார். சிவப்பாக, தித்திப்பாக, பாட்டிலில் குழந்தைப் படம் போட்டு வந்ததால் மனசு பயப்படவில்லை. அவர் மேல் நான் குற்றம் சொல்லமாட்டேன். அவருக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

ராத்திரி ரெண்டு மணிக்குப் பால் கொடுக்கத் தூக்கினார். குழந்தை வாய் வைக்கவில்லை. கை கால் துணி மாதிரி தொங்கியது. உடம்பு கொதித்தது. 108-க்கு அடித்தார்கள். காரவள்ளி வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவு. அந்த வளைவுகளில், இருட்டில், மூச்சு மந்தமான ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இறங்குவது எப்படி இருக்கும் என்று மலைக்காரர்கள் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் எங்களுக்குக் குழப்பம். காய்ச்சல் இருக்கிறது, குழந்தை எழவில்லை. மூளைக்காய்ச்சலா? நிமோனியா முற்றிப்போச்சா? ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் சில அடையாளங்கள் உறுத்தின. கண் பாப்பா ரெண்டும் பெரிதாக விரிந்திருந்தன. வாய் காய்ந்திருந்தது. தோல் சிவந்து சூடாக இருந்தது, ஆனால் துளி வேர்வை இல்லை. இதயம் வேகமாக அடித்தது. ராத்திரி முழுக்கச் சிறுநீர் போகவில்லை. "ஏதாவது மருந்து கொடுத்தீங்களாம்மா?" என்று மூன்றாவது முறை கேட்டபோதுதான், "சளி மருந்துதான் சார், வேற ஒண்ணும் இல்ல" என்றார். அந்த வீட்டில் அதை ஒரு மருந்தாகவே கணக்கில் எடுக்கவில்லை. பையில் இருந்த பாட்டிலை எடுத்துக் காட்டிய பிறகுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது.

ஆக்சிஜன் வைத்தோம், குளுக்கோஸ் ஏற்றினோம், பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை எண்ணினோம். மறுநாள் சாயங்காலம் குழந்தை கண் விழித்து, அம்மாவைப் பார்த்து அழுதது. ஆஸ்பத்திரியில் அழுகைச் சத்தம் கேட்டு எல்லோரும் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தக் குழந்தை பிழைத்தது. எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை.

2021-ஆம் ஆண்டு டெல்லியில் நடந்ததைக் கேளுங்க. சளி, இருமல் என்று கிளினிக்குக்குப் போன குழந்தைகளுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்ற இருமல் சிரப் கொடுக்கப்பட்டது. வறட்டு இருமலுக்குப் பெரியவர்கள் சாதாரணமாகக் குடிக்கும் மருந்துதான். அதன் பாதிப்போடு பதினாறு குழந்தைகள் கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். மூன்று குழந்தைகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான், நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இந்த மருந்தை எழுதக்கூடாது என்று மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி அரசுக்குக் கடிதம் எழுதியது.

இருமல் மருந்து எப்படி உயிரை எடுக்கும்? இருமல் தொண்டையில் உண்டாவதாகத்தான் நாம் நினைக்கிறோம். அதற்கான கட்டளை மூளையின் அடித்தண்டிலிருந்து வருகிறது. மூச்சு விடு என்று கட்டளை போடும் இடமும் அங்கேயே, அடுத்த வீடு மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. இருமலை அடக்கப் போகும் மருந்து அளவு மீறினால் பக்கத்து வீட்டுக் கதவையும் சாத்திவிடும். பெரியவர் உடம்பில் ஈரல் அந்த மருந்தைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றும். சின்னக் குழந்தையின் ஈரலுக்கு அந்த வேகம் கிடையாது. கொடுத்த மருந்து நீண்ட நேரம் உள்ளேயே தங்கும், அடுத்த வேளை மருந்து அதன் மேல் போய்ச் சேரும்.

சரி, அளவாகக் கொடுத்தால் தப்பில்லையே என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. அளவாகக் கொடுத்தாலும் இந்தச் சின்ன வயதில் அதனால் நன்மை கிடைப்பதில்லை என்பதுதான் பதில். சாதாரணச் சளி ஒரு வைரஸால் வருகிறது. எந்தச் சிரப்பும் அந்த வைரஸைக் கொல்வதில்லை, சளி இருக்கும் நாட்களைக் குறைப்பதும் இல்லை. குளோர்பெனிரமின் மாதிரியான மருந்துகள் சளியை உலர்த்திக் கெட்டியாக்கும். சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது. அதில் கெட்டிச் சளி நின்றுவிட்டால், இருமித் தள்ளுவதுதான் ஒரே வழி. அந்த இருமலையும் மயக்கம் அடக்கிவிடுகிறது. பிள்ளை அசந்து கிடப்பதால் பாலும் தண்ணியும் குறைகிறது, சளி இன்னும் கெட்டியாகிறது. நல்லது செய்வதாக நினைத்து, ரெண்டு பக்கமும் கட்டிப்போடுகிறோம்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்றைச் சொல்றேன், மனசில் வச்சுக்குங்க. சளிதானே என்று நினைத்த ஒன்று நிமோனியாவாக மாறும்போது, குழந்தை நமக்குச் சில அடையாளங்களைக் காட்டும். பால் குடிக்காது. அசந்து அசந்து தூங்கும், எழுப்பினால் எழாது. மூச்சு மாறும். இந்த அடையாளங்களைப் பார்த்துத்தான் கிராம சுகாதாரச் செவிலியரும் "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்வார். சிரப் கொடுத்த குழந்தையும் பால் குடிக்காது, அசந்து தூங்கும். இப்போ எது நோய், எது மருந்து? பெத்த தாய்க்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. "மருந்து குடிச்சிருக்கான், அதான் தூங்குறான்" என்று ராத்திரி முழுக்கக் காத்திருப்போம். அந்த ஒரு ராத்திரியில் நிமோனியா முற்றிவிடும். நாமக்கல்லில் இருப்பவருக்கு ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். வளப்பூர் நாட்டிலும் அரியூர் நாட்டிலும் இருப்பவருக்கு அப்படியா? ஆபத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது மலைக்காரர்கள்தான். அந்த எச்சரிக்கை மணியை நம் கையாலேயே அறுத்துவிடலாமா?

இந்த இடத்தில் கோல்ட்ரிஃப் விவகாரம் உங்களுக்கு ஞாபகம் வரும். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளிக்கு அந்த சிரப்பைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த மருந்தைச் சோதித்தபோது, டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாத ஒன்று அது! பாட்டிலில் கிட்டத்தட்ட பாதி விஷம். நம் மாநிலத்தில் விற்பனை நிறுத்தப்பட்டது, நிறுவனத்தின் உரிமமும் ரத்தானது.

அது கலப்பட விஷம். அந்தக் குற்றத்துக்கு விசாரணையும் தண்டனையும் வேண்டும், அதில் ரெண்டாம் பேச்சில்லை. ஆனால் அதிலிருந்து பலர் ஒரு தப்பான பாடத்தைப் படித்துக்கொண்டார்கள். "அந்தக் கம்பெனி மருந்துதான் மோசம், வேற கம்பெனி வாங்கிக்கலாம்" என்று. நான் கேட்பது வேறு கேள்வி. கோல்ட்ரிஃப்பில் விஷம் கலக்காமல் இருந்திருந்தால் உள்ளே என்ன இருந்திருக்கும்? பாரசிட்டமால், பினைலெஃப்ரின், அப்புறம் நான் சொன்ன அதே குளோர்பெனிரமின். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பயன்படுத்தக்கூடாது, அதை லேபிளிலேயே அச்சடிக்க வேண்டும் என்று நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கும் கீழே. தூய மருந்தாக இருந்திருந்தாலும் அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அந்த பாட்டில் தேவைப்பட்டிருக்காது. தேவையே இல்லாத மருந்து வழியாகத்தான் அந்த விஷம் வாய்க்குள் போனது.

2025 அக்டோபர் 3-ஆம் தேதி மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் எல்லா மாநிலங்களுக்கும் அறிவுரை அனுப்பியது. இரண்டு வயதுக்குக் கீழே சளி, இருமல் மருந்தை எழுதவோ கொடுக்கவோ கூடாது. ஐந்து வயதுக்குக் கீழேயும் பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கதல்ல. வீட்டில் ஞாபகம் வைக்க இதுவே போதும். ரெண்டு வயசுக்குள்ள கிடையவே கிடையாது. ஐந்து வயசு வரைக்கும் நாமாக வாங்கிக் கொடுப்பது கிடையாது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பல வருஷத்துக்கு முன்னாடி இந்த மாதிரிச் சிரப்புகளை நானும் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அதுதான் வழக்கம். உங்க வீட்டில் இன்னும் அந்தப் பழைய சீட்டு இருக்கலாம். "போன தடவை டாக்டர்தானே எழுதினார்" என்று அதே சீட்டைக் காட்டி மருந்து வாங்காதீங்க. அதிலும், பெரிய பிள்ளைக்கு எழுதிய சீட்டைச் சின்னதுக்குக் காட்டவே காட்டாதீங்க.

இந்த மலைக்கே உரிய இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாகணும். பஸ்ஸில் குழந்தை வாந்தி எடுக்குமே என்று, கிளம்பும் முன்னாடியே ஒரு சிரப்பைக் கொடுத்துத் தூங்கவைக்கிறோம். பெரும்பாலும் அது பிரோமெத்தசின். கூட்டத்தில் தலை ஆடுது, அப்போ தெரிந்த விஷயம்தான்! ரெண்டு வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தால் மூச்சே நின்று இறக்க நேரலாம் என்று அமெரிக்காவில் அந்த மருந்தின் லேபிளிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். எழுபது வளைவு முடியும் வரைக்கும் குழந்தை துணிக்குள் முகம் புதைந்து தோளில் கிடக்கும். அது தூங்குதா, மூச்சு மந்தமாகுதா என்று ஆடுகிற பஸ்ஸில் யார் பார்ப்பது? வாந்தி வந்தால் துடைத்துக்கொள்ளலாம். கிளம்பும்போது வயிறு முட்டக் கொடுக்காதீங்க, முன் பக்கம் உட்காருங்க, ஜன்னலைத் திறந்து வைங்க, கூட ஒரு துண்டு எடுத்துக்குங்க.

அதே போல வேலைக்குப் போகும் முன்னாடி, குழந்தை தொந்தரவு இல்லாமல் தூங்கட்டும் என்று ஒரு மூடி கொடுக்கிற வீடுகளும் இருக்கின்றன. சளியே இருக்காது. யார் மேலும் பழி போடச் சொல்லவில்லை. தோட்டத்து வேலையில் வயித்துப்பாட்டுக்காக நிற்கிறவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் பாட்டி, அத்தை, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா, அங்கன்வாடி என்று யாரிடம் விட்டுப் போனாலும், அந்த மூடியிடம் மட்டும் பிள்ளையை விட்டுப் போகாதீங்க.

அப்போ சளி பிடித்தால் என்னதான் செய்யணும்? முதலில் மூக்கைப் பாருங்க. கைக்குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாது, தூங்க முடியாது, அழும். மருந்துக் கடையில் உப்புநீர் மூக்குச் சொட்டு கிடைக்கும். வெறும் உப்புத் தண்ணீர்தான், தூக்க மருந்து கிடையாது. "மூக்கடைப்புக்கு மருந்துச் சொட்டு" என்று வேறொன்றைத் தந்தால் வாங்காதீங்க, "உப்புநீர்ச் சொட்டு" என்று கேட்டு வாங்குங்க. பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னாடியும் தூங்கவைக்கும் முன்னாடியும் ஒவ்வொரு துவாரத்திலும் ரெண்டு சொட்டு விட்டு, சுத்தமான மெல்லிய துணியைத் திரி போல முறுக்கித் துடைத்து எடுங்க. பாதி அழுகை அதிலேயே நின்றுவிடும். தாய்ப்பாலைக் குறைக்காதீங்க, ஒரு தடவைக்குக் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்க. ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு வெதுவெதுப்பான தண்ணியும் கஞ்சியும் கொடுக்கலாம். காய்ச்சல் இருந்தால் பாரசிட்டமால் மட்டும், எடைக்குத் தக்க அளவை செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டுக் கொடுங்க.

ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு நம்ம மலையிலேயே மருந்து இருக்கிறது. கொல்லிமலைத் தேன்! படுக்கும் முன்னாடி அரை டீஸ்பூன் தேன் கொடுத்தால் இரவு இருமல் தணியும். இது பாட்டி வைத்தியம் மட்டும் இல்லை, ஆய்வுகளிலும் பலன் தெரிந்த ஒன்று. ஆனால் ஒரு வயதுக்குள் தேன் ஒரு துளியும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை கைக்குழந்தையின் குடலில் முளைத்து, உடம்பையே தளர்த்திப்போடும் விஷத்தை உண்டாக்கும். பிறந்த குழந்தைக்கு நாக்கில் தேன் தடவும் வழக்கத்தையும் இதனால்தான் விடச் சொல்கிறோம். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நெஞ்சில் தேய்ப்பதும் வேண்டாம். கற்பூரம் சின்னக் குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும்.

சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். இருமல் ரெண்டு மூணு வாரம் கூட இழுக்கும். இருமுவதால் மட்டும் பயப்படாதீங்க. பயப்பட வேண்டியது மூச்சைப் பார்த்து. செல்போனில் ஒரு நிமிஷம் வைத்துக்குங்க. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குது என்று முழு நிமிஷமும் எண்ணுங்க. ரெண்டு மாசத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அறுபதும் அதற்கு மேலும், ரெண்டு மாசத்திலிருந்து ஒரு வயசு வரைக்கும் ஐம்பதும் அதற்கு மேலும், ஒரு வயசிலிருந்து ஐந்து வயசு வரைக்கும் நாற்பதும் அதற்கு மேலும் வந்தால் அது வேகமான மூச்சு. அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பி எழாவிட்டாலோ, உதடு நீலமானாலோ எண்ணிக்கொண்டு உட்காராதீங்க, நேரே 108. மூச்சை மந்தமாக்கும் சிரப் உள்ளே இருந்தால் இந்த எண்ணிக்கையும் பொய் சொல்லும். அதற்காகவும் கொடுக்காதீங்க.

ஏற்கெனவே கொடுத்துவிட்டேனே என்று யாராவது இப்போ நினைத்தால், நல்லா விளையாடும் பிள்ளையைப் பார்த்துப் பதறாதீங்க, இனிமேல் நிறுத்துங்க போதும். ஆனால் மருந்து குடித்த குழந்தை எழுப்ப முடியாத அளவுக்குத் தூங்கினாலும், இதற்கு நேர்மாறாகத் தூக்கமே இல்லாமல் துள்ளிக் கத்திக் கை கால் உதறினாலும், அது மருந்தின் வேலையாக இருக்கலாம். சில பிள்ளைகளுக்கு இந்த மருந்து மயக்கத்துக்குப் பதில் வெறியைக் கொண்டுவரும். வாந்தி எடுக்கவைக்க வாயில் விரல் விடாதீங்க, உப்புத் தண்ணி கொடுக்காதீங்க. ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கிளம்புங்க. கையோடு அந்த பாட்டிலை எடுத்து வாங்க. எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எதால் அளந்து, எத்தனை தடவை என்று மறைக்காமல் சொல்லுங்க. உங்களைத் திட்ட மாட்டோம். நான் சொன்ன அந்தக் குழந்தைக்கு வைத்தியம் திசை திரும்பியது அந்த அம்மா பையைத் திறந்த நிமிஷத்தில்தான்.

நம்ம தோழர்களுக்கும் ஒரு வேலை சொல்றேன். கொடி கட்டுவது, போஸ்டர் ஒட்டுவது போல இதையும் செய்யுங்க. உங்க ஊர் மருந்துக் கடைக்குப் போய், குழந்தைக்குச் சளி மருந்து கேட்டால் வயசைக் கேளுங்க அண்ணே, ஐந்து வயசுக்குள்ள என்றால் சீட்டு இல்லாமல் கொடுக்காதீங்க என்று மரியாதையாகச் சொல்லுங்க. மூச்சு எண்ணிக்கையை, அறுபது, ஐம்பது, நாற்பது என்று பெரிய எழுத்தில் எழுதி அங்கன்வாடியிலும் ரேஷன் கடையிலும் அனுமதி கேட்டு ஒட்டுங்க.

தாய்மார்களே, இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்க. பாதி குடித்து மிச்சம் வைத்த பாட்டில், பேர் அழிந்த பாட்டில், எப்போ வாங்கினது என்றே தெரியாத பாட்டில் எல்லாவற்றையும் எடுத்து ஒரு பையில் போட்டு, நாளைக்கு செவிலியரிடம் காட்டுங்க. எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர் பிரித்துத் தருவார். ராத்திரி குழந்தை இருமினால் தூக்கி நிமிர்த்தித் தோளில் போட்டுக்குங்க. உங்க தூக்கம் ரெண்டு ராத்திரி கெடும். கெடட்டும். இருமுகிற பிள்ளை தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, அதை இருமவிடுங்க.